பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து

டன்லப் ஸ்ட்ரீட்டில் உள்ள அப்துல் கபூர் பள்ளிவாசல், ஷேக் அப்துல் கபூர் பின் ஷேக் ஹைதர் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இங்கே தந்தையின் பெயர் ‘பின்’ என்ற சொல்லோடு மகனின் பெயருக்குப் பின்னால் வருகிறது. நம் ஊர் வழக்கிலோ தந்தையின் பெயர் முன்னால் வரும், அதுவும் ஓர் எழுத்தாகச் சுருங்கி. தமிழர்களில் பெரும்பாலோருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே ஊரில் பத்து அப்துல் காதர்கள் இருந்தால், இன்னார் மகன், இன்ன ஊர்க்காரர் என்று பிரித்தறிய இந்த எழுத்து உதவியது.

எழுத்து ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். இராமேஸ்வரத்தில் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் முழுப்பெயர் ஆவுல் பக்கீர் ஜைனுலாபுதீன் அப்துல் கலாம். ஜைனுலாபுதீன் அவருடைய தந்தை. அதற்கு முன்னால் இருப்பவை மூதாதையர் பெயர்கள். பொதுவாக, சொந்தப் பெயரை ஒட்டி நிற்பது தந்தையின் எழுத்து. ஊர் எழுத்து இருந்தால் முதலில் நிற்கும். காஞ்சிபுரத்து அண்ணாதுரையின் ‘சி.என்.’ என்பதில் ‘சி’ அந்த ஊரின் பழைய ஆங்கிலப் பெயரான கான்ஜீவரம். ‘என்’ தந்தை நடராசன்.

எழுத்தை விரிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த மொழி எழுத்து என்பதை. தமிழ் முரசைத் தொடங்கிய சாரங்கபாணி தமிழில் ‘கோ.’, ஆங்கிலத்தில் ‘ஜி.’ இரண்டும் கோவிந்தசாமிதான். ஆங்கிலத்தில் ‘கே’ என்று மட்டும் இருந்தால் அது காதர், கடையநல்லூர், கீழக்கரை, காயல்பட்டினம் என எதுவாகவும் இருக்கலாம். தமிழில் ‘க’ என்றோ ‘கீ’ என்றோ எழுதியிருந்தால் பாதிச் சந்தேகம் தீரும். ‘கா’ என்றிருந்தால் காதரா காயலா என்ற கேள்வி மிச்சமிருக்கும்.

‘கே.எம். அப்துல் காதர்’ என்று பழைய சந்தாப் புத்தகத்தில் ஒரு பெயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய பிறப்புச் சான்றிதழையோ நிக்காஹ் பதிவையோ பாருங்கள். அதில் ‘சன் ஆஃப்’ அல்லது ‘பின்’ என்பதற்குப் பின்னால் முகமது என்றிருந்தால், ‘எம்’ தந்தையின் எழுத்து. ‘கே’ ஊரா, பாட்டனாரா என்பதை இந்தியக் கடவுச்சீட்டில் உள்ள பிறந்த ஊர் சொல்லக்கூடும். ஊர் கடையநல்லூர் என்றிருந்தாலும் பாட்டனார் பெயரையும் கேட்டுவிடுங்கள். அவர் காசிமாக இருந்துவிட்டால் ‘கே’ இரண்டுக்கும் பொருந்தும். அப்போது அவரை அறிந்த மூத்தவர் ஒருவரின் சொல்தான் சான்று.

பெண்களின் பெயரில் இன்னொரு கவனம் வேண்டும். திருமணத்திற்குப் பின் சிலர் கணவரின் எழுத்துக்கு மாறியிருப்பார்கள். பழைய பதிவிலும் புதிய பதிவிலும் எழுத்து வேறுபட்டாலும் ஆள் ஒருவரே.

நம் சங்கத்தின் முதல் உறுப்பினர்களை அறிந்த பெரியவர்கள் குறைந்துவருகிறார்கள். வீட்டில் வாப்பாவோ அப்பாவோ, நன்னாவோ தாத்தாவோ இருந்தால், இந்த வாரமே அவர்களுடைய எழுத்துகளை முழுப்பெயராகக் கேட்டு, தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.