பணப்பையும் துலாக்கோலும்

பணவீக்கம் என்னும் சொல்லே ஓர் உவமைதான். உடல் வீங்குவது வளர்ச்சி அன்று. பணம் பெருகுவதும் செல்வம் பெருகுவது ஆகாது. ஆயினும், இவ்வுவமை நோயைச் சுட்டுகிறதே தவிர அதன் காரணத்தைக் காட்டவில்லை.

காரணத்தைக் காட்டும் படமொன்றை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இர்விங் பிஷர் 1911ஆம் ஆண்டு தம் நூலில் வரைந்தார். அது ஒரு துலாக்கோல். அதன் இடப்புறம் ஒரு பணப்பை தொங்கும். வலப்புறம் பண்டங்கள் தொங்கும். பையின் எடை புழக்கத்திலுள்ள பணம். பை நடுப்புள்ளியிலிருந்து விலகி நிற்கும் தொலைவு, பணம் கைமாறும் வேகம். பண்டத்தின் எடை அதன் அளவு. அதன் தொலைவே விலை.

இப்படத்தை வகுப்பில் விளக்க நம் மண்ணின் வரலாறே போதும். 1942 முதல் 1945 வரை மலாயாவை ஆண்ட ஜப்பானியர் வெளியிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தது. மக்கள் அதனை வாழைமரப் பணம் என்றனர். எளிமைக்காக, ஊரில் 100 வெள்ளியும் 100 படி அரிசியும் மட்டுமே இருப்பதாகவும், ஒவ்வொரு வெள்ளியும் ஒருமுறை கைமாறுவதாகவும் கொள்வோம். ஒரு படியின் விலை ஒரு வெள்ளி.

முதலில் பணத்தை மட்டும் மாற்றுவோம். ஆட்சியாளர் தாள்களைத் தடையின்றி அச்சிட்டதால் பணம் 200 வெள்ளி ஆகிறது. துலாக்கோல் சமநிலை பெற, அரிசி இருமடங்கு தொலைவுக்கு நகர வேண்டும். விலை 2 வெள்ளி. அடுத்து, போரினால் அரிசி வரத்துக் குறைந்து 50 படியே எஞ்சுகிறது. விலை 4 வெள்ளி. இறுதியாக, தாளின்மீது நம்பிக்கை இழந்தோர் கையில் கிடைத்ததும் செலவிடுகின்றனர். ஒவ்வொரு தாளும் இருமுறை கைமாற, விலை 8 வெள்ளி ஆகிறது. மூன்றையும் ஒருசேரச் சொல்லியிருந்தால் மாணவர் குழம்பியிருப்பர். ஒவ்வொன்றாக நகர்த்தியதால் காரணங்கள் தனித்தனியே விளங்கின.

ஆயினும், துலாக்கோல் ஒன்றை மறைத்துவிடுகிறது. எவர் துன்புற்றனர் என்பதை அது காட்டாது. அதற்கு வேறொரு படம் வேண்டும். ஒரு படிக்கட்டை எண்ணிப் பாருங்கள். அரிசி விலை முன்னே ஏறுகிறது. கூலி பல படிகள் பின்தங்கி வருகிறது. பெட்டியில் பூட்டிய சேமிப்போ நின்ற இடத்திலேயே நிற்கிறது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் அந்தத் தாள்கள் செல்லாதவை ஆயின. அவற்றைச் சேர்த்து வைத்திருந்தோரிடம் எஞ்சியது வெறுங்காகிதமே.

எனவே, விளக்க முற்படுவோர் முதல் உவமையைக் கூறியதும் அதன் எல்லையையும் கூற வேண்டும். அந்த எல்லையில்தான் இரண்டாம் உவமைக்கு இடம் பிறக்கிறது. துலாக்கோலோடு நின்றுவிட்டால் மாணவர் விலையை அறிவர். விலை கொடுத்த மனிதரை அறியார்.