சும்மா குடுத்தா மதிப்பிருக்காதா? கென்யாவில் 2007ல் விலையைப் பிரித்துப் பார்த்த கதை

"சும்மா குடுத்தா மதிப்பிருக்காது. ஒரு இருபது ரூபாயாவது வாங்கணும், அப்பதான் பாவிப்பாங்க." போருக்குப் பிறகு வன்னியில் நிவாரணப் பொருள் பற்றிப் பேச்சு வரும் இடத்திலெல்லாம் இந்த வாதமும் வந்துவிடும். இலவசமாகக் கிடைத்த நுளம்பு வலை கோழிக்கூட்டுக்குப் போய்விடும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அது உண்மையா என்று எப்படிச் சோதிப்பது?

இதே சண்டை ஆபிரிக்காவில் மலேரியா வலை விஷயத்தில் பல வருடம் நடந்தது. ஒரு பக்கம், சிறிய விலை வைத்தால் தேவையானவர் மட்டும் வாங்குவார், வாங்கியதைப் பாவிப்பார் என்றது. மறு பக்கம், விலை வைத்தால் ஏழைத் தாய் வாங்கவே மாட்டாள் என்றது. 2007ல் ஜெசிக்கா கோஹென், பஸ்கலின் டூப்பா என்ற இரண்டு பொருளியலாளர்கள் மேற்குக் கென்யாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

"இந்த மாதம் விலையைக் கூட்டி, போன மாத விற்பனையோடு ஒப்பிட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். போதாது. நம்ம ஊர்க் கடையையே எடுங்கள். நெல் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதத்தில் விலையைக் கூட்டினாலும் விற்பனை ஏறும். அது விலை செய்த வேலையா, அறுவடை செய்த வேலையா என்று பிரிக்க வழியில்லை. ஆகவே வெவ்வேறு விலைகள் ஒரே காலத்தில் பக்கம் பக்கமாக ஓட வேண்டும். எந்த விலை எங்கே என்பதையும் நாம் தெரிவு செய்யாமல் சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்க வேண்டும்.

அவர்கள் கர்ப்பிணித் தாய்மார் வரும் 20 கிளினிக்குகளை எடுத்தார்கள். நான்கில் எதையும் மாற்றவில்லை. மற்ற 16ல் குலுக்கல் முறையில் விலை போட்டார்கள்: சிலவற்றில் இலவசம், சிலவற்றில் 10 ஷில்லிங், சிலவற்றில் 20, சிலவற்றில் 40. அந்த 40 ஷில்லிங்கும் அன்றைய கணக்கில் ஒரு டொலரில் ஏறத்தாழ அறுபது சதம்தான். ஒரே கிளினிக்கில் ஒருவருக்கு ஒரு விலை, அடுத்தவருக்கு இன்னொரு விலை என்று அறிவித்தால் தாய்மார் தங்களுக்குள் பேசிச் சண்டை வரும், சோதனையும் கெடும். அதனால்தான் கிளினிக் கிளினிக்காகப் பிரிப்பது பொருத்தம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நூற்றுக்கணக்கான தாய்மார் வந்தாலும், உண்மையில் குலுக்கப்பட்டவை 16 கிளினிக்குகள் மட்டுமே. 40 ஷில்லிங் விலை மூன்றே கிளினிக்குகளில்தான் இருந்தது. அதில் ஒன்றில் தாதி அடிக்கடி லீவு போட்டாலே எண்ணிக்கை சரிந்துவிடும். தாய்மாரை எண்ணி "எங்களிடம் பெரிய மாதிரி இருக்கிறது" என்று சொல்வது இங்கே நேர்மையல்ல. சின்ன வித்தியாசம் என்றால் நம்பக் கூடாது. பெரிய வித்தியாசம் என்றால்தான் நிற்கும்.

வந்தது பெரிய வித்தியாசம். இலவசத்திலிருந்து 40 ஷில்லிங்குக்குப் போனபோது, வலையை எடுத்துப்போன தாய்மார் 100க்கு சுமார் 60 பேரால் குறைந்தார்கள். 10 ஷில்லிங்கில் இறக்கம் சிறியது. எனவே "எந்த விலையும் ஆளை விரட்டும்" என்று இந்தச் சோதனையை வாசிக்க முடியாது. ஏதோ ஓரிடத்தில் விலை சட்டென்று கடிக்கிறது என்றுதான் வாசிக்க வேண்டும்.

சரி, காசு கொடுத்தவர்கள் கூடுதலாகப் பாவித்தார்களா? அதை வாயால் மட்டும் கேட்டு விடவில்லை. சில வாரம் கழித்து வீட்டுக்குப் போய், வலை கட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். இலவசமாக எடுத்தவர்கள் குறைவாகப் பாவித்ததாகத் தெரியவில்லை. இன்னொரு நுணுக்கமும் செய்தார்கள். போட்ட விலையைக் கொடுக்கச் சம்மதித்த தாய்மாருக்கு, அந்த இடத்திலேயே எதிர்பாராத குலுக்கலில் விலையைக் குறைத்தார்கள். காசு கொடுத்த உணர்வே வலையைப் பாவிக்க வைக்கிறது என்றால், குறைந்த விலை விழுந்தவர்கள் குறைவாகப் பாவித்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

பலர் சறுக்கும் இடம் இனித்தான். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். வலை எடுத்த பத்துப் பேரில் ஆறு பேர் பாவிக்கிறார்கள் என்று வையுங்கள். இலவச ஊரில் 100 தாய்மாரில் 100 பேரும் எடுத்தால், வலைக்குள் தூங்குபவர் 60. விலை வைத்த ஊரில் 40 பேர் மட்டும் எடுத்தால், தூங்குபவர் 24. வாங்கியவர்களை மட்டும் எண்ணினால் இரண்டு ஊரும் ஒன்றுபோலத் தெரியும். வாங்காமல் திரும்பிப்போன 60 பேர் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். விலைச் சோதனையில் வந்தவர் எல்லாரையும் கீழே வைத்து வகுக்க வேண்டும், வாங்கியவரை அல்ல.

இதன் எல்லையும் தெரிய வேண்டும். இது கர்ப்பிணித் தாய்மாருக்கு, ஏற்கெனவே மிக மலிவாக்கப்பட்ட ஒரு பொருளுக்கு, ஒரு பிரதேசத்தில் கிடைத்த விடை. அப்பியாசக் கொப்பிக்கும் தண்ணீர்க் கட்டணத்துக்கும் இதே விடைதான் என்று யாரும் சொல்ல முடியாது. அவற்றைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிய வீடுகள் வன்னியில் எத்தனை என்று நம் பெரியவர்களைக் கேளுங்கள். 2016ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. நமக்கு அது பழங்கதையாகிவிட்டது. ஆனால் "சும்மா குடுத்தா மதிப்பிருக்காது" என்ற பேச்சு இன்னும் நம் கூட்டங்களில் உயிரோடு இருக்கிறது. அடுத்த முறை யாராவது அதைச் சொன்னால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: விலையைப் பார்த்துத் திரும்பிப்போனவர்களை எண்ணினீர்களா?