'தொழில்' எங்கே 'தொழிற்' ஆகிறது?

நாங்கள் படித்த காலத்தில் இலக்கணம் என்றால் நன்னூல் நூற்பாவை ஒப்பிப்பதுதான். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. நூற்பாவை ஒப்பித்த அதே பையன் கட்டுரையில் 'தொழில்சாலை' என்று எழுதுவான். நானும் அப்படி எழுதியவன்தான்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. அதைப் பார்த்து, கடலூர் சிப்காட் பக்கத்தில் என் ஏழாம் வகுப்பிலும் பாடத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தேன்.

வழியில் காணும் பலகைச் சொற்களை எழுதி வரச் சொன்னேன்: தொழிற்பேட்டை, தொழிற்சாலை, தொழிற்சங்கம், தொழில்வளம். பிரித்து எழுதியதும், "சார், ச, ப வந்தா ல், ற் ஆகுது. வ வந்தா மாறல" என்றாள் ஒரு பெண். உடனே 'தொழில் பெருகியது' என்று கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு திகைத்தது.

தொழிலுக்கான பேட்டை, தொழிலுக்கான சாலை என்று விரித்துப் பார்த்தார்கள். அங்கே வேற்றுமை உருபு மறைந்திருக்கிறது. இங்கே தொழில் எழுவாய், அதனால் அப்படியே நிற்கிறது. இதை அவர்களே சொன்னார்கள். 'கல் + சிலை' கேட்டேன், 'கற்சிலை' என்றார்கள்.

'தொழில்நுட்பம்' மட்டும் அகப்படவில்லை. விதிப்படி 'தொழினுட்பம்', இன்றைய வழக்கு அதை விட்டுவிட்டது. அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நூற்பாவைக் கடைசியில் படித்தோம்.