செயலுறு கால அளவு (முன்னழைப்புப் பத்திரம்)

வெளியிட்டவர் முன்கூட்டியே திருப்பிச் செலுத்தக்கூடிய பத்திரத்தின் விலை, வட்டி மாற்றத்துக்கு எவ்வளவு அசையும் என்பதைக் காட்டும் அளவு. வட்டி குறைந்தால் பத்திரம் அழைக்கப்படலாம். பணவரவு நிலையானதல்ல என்பதால் வழக்கமான கால அளவு பொருந்தாது. எனவே வட்டி வளைகோடு முழுவதையும் சமமாக மேலும் கீழும் நகர்த்தி, வட்டி மரத்தில் மறுவிலை காண்பர். ஏற்ற இறக்க அளவும் விருப்புரிமை நீக்கிய கூடுதல் வட்டியும் மாறாதிருக்க வேண்டும்.

D = (P₋ − P₊) / (2 × P₀ × Δy)

விலை P₀ = 100 என்க. வட்டி Δy = 0.5 சதவீதப் புள்ளி குறைந்தால் P₋ = 101.20, கூடினால் P₊ = 98.10 எனில், D = 3.10 / (2 × 100 × 0.005) = 3.1. இலாபம் 1.20, இழப்பு 1.90: அழைப்புரிமை விலையேற்றத்தைத் தடுக்கிறது. நகர்வு மிகச் சிறிதானால் மரத்தின் கணக்கீட்டுப் பிழை விடையைக் கெடுக்கும்.

ஆயுள் காப்பீட்டாளர்களுக்கு, நீண்டகாலக் கடப்பாடுகளுடன் சொத்துகளைப் பொருத்துகையில் இத்தகைய அளவு தேவைப்படுகிறது. வளைகோட்டின் சரிவு மாறும் இடரை இது காட்டாது.