நான்கு பிராந்தியங்கள், ஒரே எண்: புதுவை விற்பனைக் கணக்கில் எக்செல் தரவு மாதிரி

விற்பனைப் பட்டியலில் ஒரு வாடிக்கையாளரின் ஊர்ப் பெயரை எங்கே எழுதிவைப்பது? கடந்த முப்பது ஆண்டுகளில் எக்செல் இதற்கு இரண்டு விடைகளைச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு பில் வரியிலும் எழுது என்பது முதல் விடை. ஒரே ஓர் இடத்தில் எழுதிவிட்டு, தேவைப்படும்போது அங்கே போய்ப் பார் என்பது இரண்டாவது. முதல் விடையிலிருந்து இரண்டாவதற்கு எக்செல் வந்து சேர்ந்த வழியைப் புதுவை வியாபாரக் கணக்கை வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். புதுவையைத் தேர்ந்ததற்கு அதன் நில அமைப்பே காரணம்.

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைத்த நான்கு பகுதிகளும் இன்றுவரை ஒரே ஒன்றியப் பிரதேசம்தான். ஆனால் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கவில்லை. காரைக்கால் காவிரிப் படுகையிலும், மாஹே கேரளக் கரையிலும், ஏனாம் கோதாவரி ஓரத்திலும் கிடக்கின்றன. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது நான்குக்கும் சேர்த்து 34 என்ற ஒரே மாநில எண் கிடைத்தது. புதுவையிலிருந்து மாஹேவுக்கு மேற்குக் கரைவரை போகும் சரக்கு உள்மாநில விற்பனை. பக்கத்திலுள்ள கடலூருக்குப் போவது வெளிமாநில விற்பனை, ஏனெனில் கடலூரின் எண் 33. மாநிலத்தைக் கண்டறிய அஞ்சல் குறியீட்டை நம்பவும் வழியில்லை. புதுவை நகரம் 605001. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் விழுப்புரம் 605602. இரண்டும் 605இல்தான் தொடங்குகின்றன.

1993இல் வெளியான எக்செல் 5 பிவட் டேபிளைக் கொண்டுவந்தது. பெரிய பட்டியலைச் சுட்டியால் இழுத்து மாதவாரி, ஊர்வாரி என்று சுருக்க முடிந்தது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: நடைமுறையில் எல்லா விவரமும் ஒரே அட்டவணையில் இருக்க வேண்டும். பில் ஒரு தாளிலும் வாடிக்கையாளர் விவரம் இன்னொரு தாளிலும் இருந்தால், VLOOKUP போட்டு ஊரையும் பொருள் வகையையும் பில் வரிகளுக்கு இழுத்து வர வேண்டும். கணக்காளர்கள் ஒரு தலைமுறையாக இதைத்தான் செய்துவந்தார்கள். எக்செல் 2003வரை ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான். 2007இல் அது 10,48,576 ஆனது. வரிப் பஞ்சமே புதிய முறைக்குக் காரணம் என்று சொல்வது வழக்கம். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. வரி கூடியபிறகும் ஒரே ஊர்ப் பெயர் ஆயிரக்கணக்கான இடங்களில் எழுதப்பட்டு, அவற்றில் சில இடங்களில் தவறாகவும் இருந்தது.

இதற்கான மருந்து தரவுத்தளத் துறையில் ஏற்கெனவே இருந்தது. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் வைத்து, பொதுவான மதிப்பால் அட்டவணைகளைச் சேர்க்கும் முறைக்கு ஐபிஎம்மில் பணியாற்றிய இ. எஃப். காட் 1970இல் அடித்தளம் போட்டார். நடுவில் விற்பனை, சுற்றிலும் வாடிக்கையாளர், பொருள், தேதி என்ற நட்சத்திர அமைப்பை 1990களில் ரால்ஃப் கிம்பல் பரப்பினார். எக்செலுக்குள் இவை வந்து சேர 2010 ஆனது. அப்போது வெளியான பவர்பிவட் என்ற இணைப்பு நிரலோடு டாக்ஸ் என்ற சூத்திர மொழியும் வந்தது. 2013இல் தரவு மாதிரி எக்செலின் உள்ளுறுப்பாகிவிட்டது. மேக் கணினி எக்செலில் பவர் பிவட் இன்றும் கிடையாது.

ஒரு மாதிரிக் கடையை வைத்துப் பார்ப்போம். புதுவை நகரில் ஒரு மொத்த வியாபாரி. அவரது ஒரு மாத விற்பனை ரூ. 10,00,000. அதில் புதுவை 6,00,000, காரைக்கால் 1,50,000, மாஹே 50,000, கடலூர் 2,00,000. Sales அட்டவணையில் தேதி, வாடிக்கையாளர், பொருள், தொகை இருக்கின்றன. Customers அட்டவணையில் வாடிக்கையாளரின் பிராந்தியமும் மாநில எண்ணும் இருக்கின்றன. இரண்டையும் எதை வைத்து இணைப்பது?

எவருக்கும் முதலில் தோன்றுவது ஜிஎஸ்டி பதிவெண். அது தனித்துவமானது, பில்லிலேயே இருக்கிறது. புதுவையில் அது சரிப்படாது. புதுவையிலும் காரைக்காலிலும் கிளை வைத்திருக்கும் நிறுவனம் ஒரே மாநில எண்ணுக்குள் இருப்பதால் ஒரே பதிவெண்ணில் இயங்கலாம். பிராந்தியவாரியாகப் பிரிக்க வேண்டுமானால் அந்த நிறுவனம் Customers அட்டவணையில் இரண்டு வரிகளாக வரும். பதிவெண் இருமுறை வரும். எக்செல் தரவு மாதிரியின் உறவு ஒன்றுக்குப் பல என்ற வகை மட்டுமே. ‘ஒன்று’ பக்கத்தில் மதிப்பு திரும்ப வந்தால் உறவு அமையாது. சிலர் அப்போது இரட்டை வரியை நீக்கிவிடுகிறார்கள். உறவு அமைந்துவிடும், காரைக்கால் விற்பனை புதுவைக் கணக்கில் போய்ச் சேரும், மொத்தத் தொகை மாறாததால் எவரும் கவனிக்க மாட்டார்கள். எனவே கிளைக்கொரு வாடிக்கையாளர் எண் கொடுத்து அதை வைத்துத்தான் இணைக்க வேண்டும்.

உறவு கெட்டிருப்பதைப் பிவட் டேபிளே இரு விதமாகக் காட்டும். எல்லாப் பிராந்தியங்களுக்கும் ஒரே 10,00,000 திரும்பத் திரும்ப வந்தால் உறவே இல்லை என்று பொருள். பெயரில்லாத வெற்று வரி ஒன்று தொகையோடு வந்தால், பில்லில் உள்ள ஏதோ ஒரு வாடிக்கையாளர் எண் Customers அட்டவணையில் பதிவாகவில்லை.

இனி கணக்கு. உள்மாநில விற்பனை எத்தனை சதவீதம் என்று கேட்போம்.

```
Total Sales := SUM(Sales[Amount])
Local Sales := CALCULATE([Total Sales], Customers[State] = "34")
Local Share := DIVIDE([Local Sales], [Total Sales])
```

விடை 80%. இவை அளவீடுகள், எந்த வரியிலும் இவற்றின் விடை சேமிக்கப்படுவதில்லை. பிவட் டேபிளின் ஒவ்வொரு கட்டத்திலும், அந்தக் கட்டத்துக்குரிய வடிகட்டலோடு புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. இதன் பயன் சதவீதத்தில்தான் தெரியும். எண்ணெய் விற்பனை 9,00,000, அதில் உள்மாநிலம் 7,50,000, அதாவது 83.3%. சோப்பு விற்பனை 1,00,000, உள்மாநிலம் 50,000, அதாவது 50%. பழைய முறையில் இரண்டு சதவீதங்களையும் எழுதிவைத்துச் சராசரி எடுத்தால் 66.7% வரும். அளவீடு மொத்த வரியிலும் தொகைகளைக் கொண்டே வகுப்பதால் 80% என்று சரியாகச் சொல்கிறது.

ஆனால் இதே சூத்திரத்தில் ஒரு பொறி உண்டு. பிவட் வரிசையில் மாநில எண்ணையே போட்டால், 33 என்ற வரியிலும் உள்மாநில விற்பனை 8,00,000 என்று வரும். பங்கு 400% ஆகும். CALCULATEக்குள் எழுதிய நிபந்தனை, அதே நெடுவரிசையில் பிவட் போட்ட வடிகட்டலை நீக்கிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்வதே காரணம். பொருள்வாரியாகவோ மாதவாரியாகவோ பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிற்க வேண்டுமானால்:

```
Local Sales := CALCULATE([Total Sales],
    KEEPFILTERS(Customers[State] = "34"))
```

இப்போது 33 வரி வெறுமையாகும், 34 வரி 100% காட்டும், மொத்தம் 80% ஆகவே இருக்கும்.

இந்த மாநில எண் வாடிக்கையாளர் பதிவு செய்துள்ள இடத்தைச் சொல்வது. வரியைத் தீர்மானிக்கும் வழங்கல் இடம் ஒவ்வொரு பில்லுக்கும் வேறாக இருக்கலாம். அதனால் அதற்கு Sales அட்டவணையிலேயே தனி நெடுவரிசை வேண்டும். வரித் தாக்கலுக்கான தொகையை இந்த Local Sales அளவீட்டிலிருந்து எடுக்கக் கூடாது.