ஹைட்ரஜன் நிறமாலை: ஆற்றல் மட்டங்களும் அலைநீளங்களும்

குறைந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் அடைத்த குழாயில் மின்னிறக்கம் நிகழ்த்தினால் எழும் ஒளி, முப்பட்டகத்தின் வழியே வானவில்லாக விரியாமல் தனித்தனிக் கோடுகளாகப் பிரிகிறது. எளிதில் கண்ணுக்குப் புலப்படுபவை 656, 486, 434, 410 நானோமீட்டர் அலைநீளமுள்ள நான்கு கோடுகள். இவற்றை ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் ஆங்ஸ்ட்ராம் வியக்கத்தக்க துல்லியத்தோடு அளந்து வைத்திருந்தார்.

அந்த எண்களுக்குள் ஓர் ஒழுங்கைக் கண்டவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளியில் கணிதம் கற்பித்த யோகான் பாமர். 364.56 நானோமீட்டரை 9/5, 4/3, 25/21, 9/8 ஆகிய பின்னங்களால் பெருக்கினால் நான்கு அலைநீளங்களும் கிடைப்பதை 1885இல் வெளியிட்டார். இப்பின்னங்கள் m²/(m²−4) என்ற வடிவில் அமைந்தவை; m = 3, 4, 5, 6. அடுத்து m = 7 என்று வைத்தால் 397 நானோமீட்டர் வருகிறது. அப்படியொரு கோடு முன்பே அளக்கப்பட்டிருந்த செய்தி பாமருக்குப் பிறகுதான் தெரிந்தது. வாய்பாடு பொருந்தியது, ஏன் பொருந்துகிறது என்பதற்கு அவரிடம் விடை இல்லை.

விடை 1913இல் நீல்ஸ் போரிடமிருந்து வந்தது. எலக்ட்ரான் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களில் மட்டுமே இருக்கும். மட்டத்தின் ஆற்றல் −13.6/n² எலக்ட்ரான் வோல்ட். மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறங்கும்போது இரண்டுக்குமான வேறுபாடு ஒரே ஃபோட்டானாக வெளியேறும். பாமரின் கோடுகள் எல்லாம் n = 2இல் வந்து முடிபவை. n = 1இல் முடியும் லைமன் வரிசை புற ஊதாவிலும், n = 3இல் முடியும் பாஷன் வரிசை அகச்சிவப்பிலும் அமைகின்றன.

தேர்வுகளில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: 12.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் கற்றை, அடிநிலையிலுள்ள ஹைட்ரஜனைத் தாக்கினால் எந்தெந்த அலைநீளங்கள் வெளிப்படும்? அடிநிலையிலிருந்து n = 3க்கு ஏற 12.09 போதும்; n = 4க்கு 12.75 வேண்டும். ஆகவே அணு 12.09ஐ எடுத்துக்கொள்ள, மீதி சுமார் 0.41உடன் எலக்ட்ரான் விலகிப்போகும். 1240ஐ ஆற்றலால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் வரும். மூன்றிலிருந்து நேராக ஒன்றுக்கு இறங்கினால் 102.6, இடையில் இரண்டில் நின்று இறங்கினால் 656, பிறகு 121.6. மொத்தம் மூன்று கோடுகள். 1240ஐ 12.5ஆல் வகுத்து 99 என்று எழுதுவது வழக்கமான பிழை. அணு வாங்காத ஆற்றலை அது எப்படி வெளியிடும்? அதே 12.5 ஒரு ஃபோட்டானாக வந்திருந்தால் விடையே மாறிவிடும். ஃபோட்டான் தன் ஆற்றலில் ஒரு பங்கை மட்டும் கொடுத்து அணுவை மேல்மட்டத்துக்கு ஏற்ற முடியாது. அதனால் உட்கவரப்படாமல் கடந்துபோகும்.

போரின் மாதிரிக்கு எட்டாததும் உண்டு. சிவப்புக் கோடு உண்மையில் மிக நெருக்கமான கோடுகளின் தொகுப்பு என்பதை மைக்கெல்சனும் மார்லியும் 1887இலேயே கண்டிருந்தனர். சோமர்ஃபெல்டு 1916இல் சார்பியலைச் சேர்த்து இப்பிளவைக் கணக்கிட்டார். 1928இல் டிராக்கின் சமன்பாடு அதற்கு முறையான அடிப்படை தந்தது. ஆனால் அச்சமன்பாட்டின்படி ஒரே ஆற்றலில் இருக்கவேண்டிய இரண்டு n = 2 நிலைகள் சற்றே விலகி நிற்பதை 1947இல் லாம்ப், ரெதர்ஃபோர்டு ஆகியோர் நுண்ணலைகளைக் கொண்டு அளந்து காட்டினர்.