லயத்துக் கதவும் தொலைபேசி மணியும்: மலையகத் தோட்டங்களில் ஆய்வு முறைகள் வந்த வழி, 1953–2022

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில், கொழுந்து எடுக்கும் பெண்மணி ஒருவரிடம் கேட்டேன்: "அக்கா, போன மாசம் எத்தனை நாள் வேலைக்குப் போனீங்க?" "பதினெட்டுப் பேரு தம்பி" என்றார். புதிதாக வந்த கணக்கெடுப்பாளராக இருந்தால் வேலை நாள் 18 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்பது செக்ரோலில் விழும் ஒரு நாள் முழுச் சம்பளம். எடை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். நான் மறுபடி கேட்டதும் அவர் காம்பராவுக்குள் போய், சுவாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த சம்பளத் துண்டை எடுத்து வந்தார். முழுப் பேர் 14, அரைப்பேர் 8. மலையேறிய நாட்கள் 22. சம்பளமோ 18 நாளுக்கு.

இந்த நான்கு நாள் இடைவெளிதான் இக்கட்டுரையின் பொருள். நேரில் போனதால் அது கண்ணில் பட்டது. தொலைபேசியில் கேட்டிருந்தால் 18 என்றே நின்றிருக்கும். இணையப் படிவத்தில் கேட்டிருந்தால் அந்த அக்கா பதில் சொல்பவர்களின் வரிசையிலேயே இருந்திருக்க மாட்டார். ஆனால் நேர்காணலே எப்போதும் சிறந்தது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. எதைக் கேட்கிறோம், எவரிடம் கேட்கிறோம், எத்தனை முறை கேட்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தே முறை அமைய வேண்டும். கடந்த எழுபது ஆண்டுகளில் மலையகத்தில் நடந்த ஆய்வுகளின் போக்கும் அதையே காட்டுகிறது.

இலங்கை மத்திய வங்கி 1953இல் தனது முதலாவது நுகர்வோர் நிதி ஆய்வை நடத்தியது. 2003/04 வரை தொடர்ந்த அந்த ஆய்வு வரிசை, தோட்டத்தை நகரம், கிராமம் ஆகியவற்றிலிருந்து பிரித்துத் தனித் துறையாகப் பார்த்தது. பின்னாளில் இந்தப் பணியில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவின ஆய்வு முதன்மை பெற்றது. இரண்டும் வீட்டுக்குப் போய் நடத்திய ஆய்வுகள். அன்று வேறு வழியும் இருக்கவில்லை. தபாலில் வினாக்கொத்து அனுப்பலாம் என்றால் லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கை மாறிப் போய்ச் சேரும். வருமானத்தையும் கடனையும் எழுதிய தாள் அதே அலுவலகத்தின் வழியாகத் திரும்பப் போகும் என்றால் எவர் உண்மையை எழுதுவார்?

திணைக்களத்தின் ஆய்வு அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2016 ஆய்வில் நாடு முழுவதும் 2,500 தொகைமதிப்புத் தொகுதிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 10 வீடுகள் என்று 25,000 வீடுகளை எடுத்தார்கள். களவேலையை 12 மாதங்களுக்குப் பரப்பினார்கள். உணவுச் செலவை ஒரு வாரத்துக்கு நாளேட்டில் பதிந்தார்கள். தேயிலைக்கு இந்த அமைப்பு மிகவும் பொருந்தும். மழை பெய்து கொழுந்து பொங்கும் மாதத்தில் கிலோ கூடும், சம்பளம் கூடும். வறட்சியில் பேர் குறையும். மாதத்துக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. பத்தாம் தேதியை ஒட்டிச் சம்பளம் கைக்கு வந்ததும் வாங்கும் சாமானும், மாதக் கடைசியில் கடைக் கொப்பியில் எழுதி வாங்கும் சாமானும் ஒன்றல்ல. ஒரே கிழமையில் எல்லா வீடுகளுக்கும் போய் முடித்தால், அந்தக் கிழமையின் முகம்தான் ஆண்டு முழுவதற்கும் முகமாகிவிடும்.

நேர்காணலின் செலவு பயணத்தில் தொடங்குகிறது. பிரதான வீதியில் இறங்கி மேல் பிரிவுக்கு ஏற ஒரு மணி நேரம் ஆகலாம். போய்ச் சேர்ந்தால் லயத்தில் முதியவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். கொழுந்து நிறுத்து முடித்துப் பெண்கள் வீடு திரும்ப மாலை ஐந்து ஆகும். அதன்பின் அடுப்பு, குழந்தை, தண்ணீர். ஒரு கணக்கெடுப்பாளர் ஒரு நாளில் இரண்டு மூன்று முழு நேர்காணல்களுக்கு மேல் முடிப்பது அரிது. இதற்கு மேலே கணக்கேட்டில் ஏறாத ஒரு செலவும் உண்டு. தோட்டத்துக்குள் நுழையத் துரையின் அனுமதி வேண்டும். அனுமதியோடு சில நேரம் ஒரு ஆளும் கூடவே வருவார். கங்காணி வாசலில் நிற்கும்போது, "சம்பளத்தில் கழிவு எவ்வளவு, எடை சரியாகப் போடுகிறார்களா?" என்ற கேள்விக்கு வரும் பதிலை நான் நம்புவதில்லை. லயத்துச் சுவர் மெல்லியது. கங்காணி இல்லாவிட்டாலும் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். அதனால்தான் ஒவ்வொரு நேர்காணலிலும் "பக்கத்தில் யார் இருந்தார்" என்று ஒரு கட்டம் வைத்து நிரப்ப வேண்டும் என்கிறேன். தனியாகப் பேசியவர்களின் பதில்களையும் கேட்பார் இருக்கப் பேசியவர்களின் பதில்களையும் பிறகு ஒப்பிட்டால், எந்தக் கேள்வி கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. முதலில் கம்பியில்லாத நிலையான தொலைபேசிகள் வந்தன. ஹட்டனுக்கு 051, நுவரெலியாவுக்கு 052 என்று எண்ணிலேயே ஊர் தெரிந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு பரவியது கைப்பேசிதான். அதன் 077, 071 எண்களில் ஊர் இல்லை. இதனால் மாதிரி எடுப்பதில் பெரிய சிக்கல் எழுந்தது. 2012 தொகைமதிப்பின்படி நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தோட்டத் துறையினர். நாடு முழுவதையும் எடுத்தால் அவர்கள் 4.4 சதவீதம். எழுமாறாக எண்களை அழுத்தி 400 தோட்டத்து ஆட்களைப் பிடிக்க வேண்டுமென்றால், எல்லோரும் சமமாகத் தொலைபேசி வைத்திருக்கிறார்கள் என்று கொண்டாலும் 9,000க்கு மேற்பட்டவர்கள் எடுத்துப் பேச வேண்டும். அழைப்பு மலிவுதான். ஆனால் தேடும் ஆட்களைக் கண்டுபிடிக்கும் செலவில் அந்த மலிவு கரைந்துவிடும்.

பெருந்தொற்றும் அதைத் தொடர்ந்த பொருளாதார நெருக்கடியும் தொலைபேசியைத் தவிர்க்க முடியாததாக்கின. 2022இல் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது களத்துக்கு வாகனம் அனுப்புவதே பெரும்பாடாக இருந்தது. உலக உணவுத் திட்டம் அந்தக் காலத்தில் உணவு நிலையைத் தொலைபேசியில் மீண்டும் மீண்டும் கேட்டுப் பதிந்தது. நகரம், கிராமம் இரண்டையும்விடத் தோட்டத் துறையே மோசமாகப் பாதிக்கப்பட்டிருப்பது அதில் தெரிந்தது. அந்த வினாக்கொத்தின் கேள்விகள் கவனிக்கத்தக்கவை. கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் பருப்பு, எத்தனை நாள் மரக்கறி சாப்பிட்டீர்கள்? எத்தனை நாள் கடன் வாங்கிச் சமைத்தீர்கள்? பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் எத்தனை நாள் குறைத்துக்கொண்டார்கள்? எல்லாவற்றுக்கும் விடை பூச்சியம் முதல் ஏழுக்குள். விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம், துண்டைத் தேட வேண்டியதில்லை. தொலைபேசிக்கு இப்படிப்பட்ட கேள்விகள்தான் ஏற்றவை. ஒரு வாரச் செலவை ரூபாய்க் கணக்கில் பொருள் பொருளாகத் தொலைபேசியில் கேட்க முயன்றால் இருபது நிமிடத்தில் எதிர்முனை களைத்துப்போகும். பிறகு வருவதெல்லாம் 500, 1,000 என்ற முழு எண்கள். விடைகள் இப்படி முழு எண்களில் குவிவதே களைப்பின் அடையாளம்.

எடுத்துப் பேசுவது யார் என்பதே தொலைபேசியின் பெரிய பலவீனம். கைப்பேசி கணவனிடமோ மகனிடமோ இருக்கும். மனைவி மலையில் இருப்பார். பகல் பதினொரு மணிக்கு அழைத்தால் "அம்மா கொழுந்துக்குப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு மகனே பதிலும் தந்துவிடுவான். சமையலறையில் என்ன குறைந்தது என்று அவனுக்குத் தெரியாது. இதைக் கண்டுகொள்வது எளிது. நேர்காணலில் பேசியவர்களில் பெண்கள் எத்தனை பங்கு, தொலைபேசியில் எத்தனை பங்கு என்று பார்த்தாலே போதும். இடைவெளி பெரிதாக இருந்தால் அழைப்பை மாலை ஏழு மணிக்குப் பிறகு மாற்ற வேண்டும்.

தொலைபேசியே எட்டாதவர்களை நேரத்தை மாற்றியும் பிடிக்க முடியாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிரிவில் நூறு வீட்டில் எழுபதுக்கு அழைப்பு எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எழுபதில் ஒரு வேளை உணவைத் தவிர்த்தவை 14 வீடுகள், அதாவது 20 சதவீதம். எட்டாத முப்பதில் 12 வீடுகள், அதாவது 40 சதவீதம். உண்மை நிலை நூற்றுக்கு 26. தொலைபேசி சொல்வது 20. இந்த ஆறு சதவீதப் புள்ளிப் பிழை ஆயிரம் அழைப்பிலும் குறையாது, பத்தாயிரம் அழைப்பிலும் குறையாது. மாதிரி பெருகப் பெருகத் தவறான எண் மேலும் உறுதியாகத் தோன்றும், அவ்வளவுதான்.

இணையப் படிவத்தில் இந்தப் பிழை இன்னும் ஆழமானது. லர்ன்ஏசியா நிறுவனம் 2018இல் வீடுவீடாகச் சென்று நடத்திய ஆய்வில், 15 முதல் 65 வயது வரையுள்ள இலங்கையரில் 37 சதவீதத்தினரே இணையத்தைப் பயன்படுத்தியிருந்தனர். இணையம் எவரை எட்டவில்லை என்பதை அறியவும் வீட்டு வாசலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அதன்பின் திறன்பேசிகள் மலையிலும் பெருகிவிட்டன. ஆனாலும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடும் படிவத்தை நிரப்புபவர்கள் ஆசிரியர்கள், உயர்தர மாணவர்கள், கொழும்பில் கடையில் வேலை செய்துகொண்டு ஊர் என்ற இடத்தில் ஹட்டன் என்று எழுதும் இளைஞர்கள். குழுவில் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் படிவத்தைப் பார்த்தார்கள் என்று தெரியாததால் பதில் விகிதம் என்றே ஒன்றைச் சொல்ல முடியாது. அந்த இளைஞர்களைப் பற்றியே ஆய்வு என்றால் இணையம் நல்ல வழி. லயத்துக்கு நான்கு முறை ஏறினாலும் அவர்கள் அகப்பட மாட்டார்கள். தோட்ட மக்கள் என்று தலைப்பிட்டு அந்தப் பதில்களை வெளியிடுவது மட்டும் தவறு.

முறையை நடுவழியில் மாற்றினால் என்ன இழப்பு என்பதற்கும் இங்கே ஒரு பாடம் இருக்கிறது. திணைக்களத்தின் கணக்கில் தோட்டத் துறை வறுமை 2006/07இல் 32.0 சதவீதம், 2009/10இல் 11.4 சதவீதம். இவ்வளவு பெரிய வீழ்ச்சி எப்படி என்று எவருக்கும் கேட்கத் தோன்றும். இரண்டு ஆய்வுகளும் வீட்டுக்குப் போய்க் கேட்டவை. அதனால் சம்பளம், விலைவாசி, வறுமைக்கோடு என்று காரணத்தைத் தேட இடமிருக்கிறது. இடையில் ஒன்றைத் தொலைபேசிக்கு மாற்றியிருந்தால், குறைந்தது வறுமையா அல்லது கேட்ட விதத்தால் வந்த வேறுபாடா என்று பிரிக்கவே முடிந்திருக்காது. மாற்றத்தான் வேண்டுமென்றால் ஒரு சுற்றிலாவது இரண்டு முறைகளையும் ஒரே காலத்தில் நடத்தி, ஒரே கேள்விக்கு வரும் விடைகளின் வித்தியாசத்தை அளந்துகொள்ள வேண்டும்.

இன்று ஒரு தோட்டத்து ஆய்வைத் தொடங்குபவருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதல் சுற்று நேரில். வீட்டுப் பட்டியலை லயம் லயமாகக் கையால் எழுத வேண்டும், ஏனெனில் ஒரே காம்பராவில் இரண்டு அடுப்பு எரிவது ஏற்கெனவே உள்ள பட்டியலில் இருக்காது. சம்பளத் துண்டைப் பார்த்துப் பேர், அரைப்பேர், கழிவு மூன்றையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். துண்டைப் படம் எடுக்கக்கூடாது, அதில் ஊழியர் சேமலாப நிதி இலக்கம் இருக்கிறது. கடைசியில் தொலைபேசி எண், அது யாருடையது, எத்தனை மணிக்கு அழைக்கலாம், எங்கே நின்றால் சிக்னல் கிடைக்கும் என்று கேட்க வேண்டும். பிறகு வரும் சுற்றுகளைத் தொலைபேசியில் நடத்தலாம், ஏழு நாள் கேள்விகளோடு, பத்தாம் தேதிக்குப் பிந்திய கிழமையில் ஒரு முறையும் மாதக் கடைசியில் ஒரு முறையுமாக. எண் இல்லாத வீடுகளுக்கு மட்டும் ஆள் மறுபடி மலையேற வேண்டும். முதல் சுற்றில் எல்லோரையும் நேரில் பார்த்துவிட்டதால், எண் உள்ளவரும் இல்லாதவரும் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று கையில் கணக்கு இருக்கும்.

செலவைக் குறைக்கச் சொல்பவர்கள் முதலில் வெட்டுவது அந்த இரண்டாவது மலையேற்றத்தைத்தான். சில வீடுகளுக்காக இன்னொரு முறை வண்டியா என்பார்கள். மேலே போட்ட கணக்கில் 12 வீடுகள் இருந்தது அந்தச் சில வீடுகளுக்குள்தான்.